மாற்றினால் ரத்து என்று சொல்லாதீர்கள்

அம்மாவுக்குப் பல் வேர் சிகிச்சை. செவ்வாய் காலை 10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட். டாக்டர் வெளியூர் போனதால் மருத்துவமனை அதை வியாழன் மாலை 4.30க்கு மாற்றியது. அம்மாவின் போனில் முதலில் வந்தது, 'வியாழனுக்குப் பதிவாகிவிட்டது' என்ற செய்தி. இரண்டு நிமிடம் கழித்து, 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் ரத்து செய்யப்பட்டது' என்று இன்னொன்று. திங்கள் மாலை, 'நாளை 10 மணிக்கு வரவும்' என்ற நினைவூட்டல். அம்மா செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போய், பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அங்கே வேலை பார்ப்பவர்கள் எவரும் தவறு செய்யவில்லை. மென்பொருளில் 'மாற்றம்' என்ற ஒன்றே இல்லை. பழையதை ரத்து செய்து புதிதாக ஒன்றைப் பதிவு செய்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிச் செய்தி. எஸ்எம்எஸ் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ரத்துச் செய்தி பிந்தி வந்தால், படிப்பவர் அதையே கடைசி முடிவாக எடுத்துக்கொள்வார்.

பதிவு, உறுதி, ரத்து ஆகியவை ஓர் அப்பாயின்ட்மென்ட் இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்பவை. இவைதான் நிலைகள். மாற்றம் அப்படியல்ல, அது நடந்து முடிந்த ஒரு செயல். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் தரத்தின் நிலைப் பட்டியலில்கூட ரத்து உண்டு, வராமல் போனது உண்டு, மாற்றப்பட்டது என்று தனி நிலை கிடையாது. ஆகவே நேரம் மாறும்போது அதே அப்பாயின்ட்மென்ட், அதே எண்ணோடு இருக்க வேண்டும். ஆனால் நிலை மட்டும் 'உறுதி'யிலிருந்து 'பதிவு'க்கு இறங்கிவிட வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்மா உறுதி சொன்னது செவ்வாய்க்கு. வியாழன் அவருக்கு ஒத்துவருமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லையே!

மாற்றத்துக்குச் செய்தி ஒன்றுதான் போக வேண்டும். அதில் பழைய நேரமும் புதிய நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். 'செவ்வாய் காலை 10 மணி இல்லை. வியாழன் மாலை 4.30க்கு வரவும்.' தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம். புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். இந்த வரிக்கு 57. கூப்பிட்டு உறுதி சொல்ல ஒரு 10 இலக்க எண்ணைச் சேர்த்தால் 68. இந்தியாவில் இந்த வாசகத்தை டிஎல்டி தளத்தில் முன்பே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், மாற்றத்துக்கென ஒரு வாசகத்தை முதல் நாளே பதிந்து வைப்பது நல்லது.

அந்தத் திங்கள் மாலை நினைவூட்டலுக்கு வருவோம். பதிவு செய்த அன்றே நேரத்தையும் எழுதி வரிசையில் போட்டுவிட்டால், பிறகு எது மாறினாலும் அது பழையதையே சொல்லும். வரிசையில் அப்பாயின்ட்மென்ட் எண்ணை மட்டும் வைத்து, அனுப்பும் நொடியில் நிலையையும் நேரத்தையும் பார்த்துச் செய்தியை எழுத வேண்டும். சோதிப்பது எளிது: நாளைக்கு ஒரு பதிவு போட்டு, அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டு, இன்று மாலை போன் ஒலிக்கிறதா என்று பாருங்கள்.