சீழ் உண்டு, கிருமி இல்லை

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் நிறத்தில் சிறு சீழ்க் கொப்புளங்களாக வெளிப்படும் சொரியாசிஸ் ஒன்று உண்டு. பார்த்ததும் புண் பழுத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அந்தச் சீழில் பாக்டீரியா கிடையாது. அது தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

சீழ் என்பதே பெரும்பாலும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்களின் திரள்தான். வழக்கமாகக் கிருமி நுழைந்த இடத்துக்கு அவை விரைகின்றன. இந்த நோயிலோ கிருமி எதுவும் இல்லாமலே, தோல் அணுக்கள் தவறாக எழுப்பும் அழைப்பைக் கேட்டு அவை மேல்தோலுக்குள் வந்து குவிகின்றன.

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்கு இது வரும் விதத்தைப் பார்க்கலாம். முதலில் பாதத்தின் உட்குழிவில் எரிச்சலும் அரிப்பும். அடுத்து, சிவந்த தோலின்மேல் கடுகளவில் மஞ்சள் பொட்டுகள். ஒன்றிரண்டு வாரத்தில் அவை உடையாமலே காய்ந்து பழுப்புப் புள்ளிகளாகிச் செதிலாக உதிரும். அதற்குள் பக்கத்திலேயே புது மஞ்சள் பொட்டுகள் கிளம்பிவிடும். பிறகு மறுபாதத்திலும், கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதைமேட்டிலும் அதே காட்சி. மஞ்சள், பழுப்பு, செதில் மூன்றும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதுதான் இந்நோயின் கையெழுத்து.

கிருமி புகுந்த கொப்புளத்தின் போக்கு வேறு. முள் குத்திய இடம், செருப்புக் கடித்த இடம் என ஏதோ ஒரு பக்கத்தில் அது தொடங்கும். சுற்றிலும் வீங்கிச் சூடேறி விண்விண்ணென்று தெறிக்கும். சிவப்பு மேலேறலாம், தொடை இடுக்கில் நெறி கட்டலாம், காய்ச்சலும் வரலாம். பொருத்தமான ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும். சொரியாசிஸ் கொப்புளமோ அந்த மாத்திரைக்குப் பொதுவாக மசிவதில்லை. மாத்திரை தின்றும் இரு கால்களிலும் புதிது புதிதாகக் கிளம்பினால், அடுத்த மாத்திரைக்கு முன் நோயையே மறுபடி யோசிக்க வேண்டும்.

கண்ணை மட்டும் நம்பவும் கூடாது. உடையாத ஒரு கொப்புளத்தின் சீழை எடுத்துக் கல்ச்சர் செய்தால், சொரியாசிஸில் எதுவும் வளராது. உடைந்ததிலிருந்து எடுத்தால், தோலின் மேல் இயல்பாக வாழும் கிருமி வளர்ந்து வழிதவறச் செய்யும். படர்தாமரைப் பூஞ்சையும் பாதத்தில் சீழ்ப் பொட்டு உண்டாக்கும் என்பதால், செதிலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் அவசியம். அந்தப் பூஞ்சைமேல் ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அது மறைந்து பரவும்.

இந்த நோய் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் புகைபிடிப்பவர்கள் அல்லது முன்பு பிடித்தவர்கள். பெண்களிடம் இது அதிகம். சிகிச்சை வீரியமான ஸ்டீராய்டு களிம்பில் தொடங்கும். போதாதபோது ஒளிச் சிகிச்சை, அசிட்ரெட்டின் மாத்திரை என நீளும். அசிட்ரெட்டின் கருவைச் சிதைக்கும் என்பதால், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. கொப்புளத்தை ஊசியால் குத்தினால் நோய் குறையாது. கிருமி இல்லாத இடத்தில் கிருமி புக வழிதான் திறக்கும். சீழ்ப் பொட்டுகள் உள்ளங்கை, பாதத்தைத் தாண்டிக் காய்ச்சலோடு உடலெங்கும் பரவினால், அது உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய வேறு நிலை.