தொலைந்த ஐபோனும் லண்டன் ரயில் வாயிலும்

லண்டன் சுரங்க ரயிலின் வாயில்கள் 2014 செப்டம்பர் முதல் வங்கி அட்டைகளை நேரடியாக ஏற்று வருகின்றன. அதே அட்டையை ஐபோனில் சேர்த்துக்கொள்ளும் வசதி பிரிட்டனுக்கு 2015 ஜூலையில் வந்தது. அட்டையைச் சேர்ப்பவர் Wallet செயலியில் கூட்டல் குறியைத் தொட்டு, அட்டையைக் கேமராவுக்குக் காட்டி, வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் எண்ணை உள்ளிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அப்போது கைப்பேசிக்குள் போய்ச் சேர்வது அட்டையின் எண் அன்று. அந்தக் கைப்பேசிக்கென்றே உருவாக்கப்படும் வேறொரு எண், அதாவது சாதனக் கணக்கு எண், தனிக் காப்புச் சில்லு ஒன்றில் பதிவாகிறது. பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் அதனுடன், ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் ஒரு மறைக்குறியீடும் சேர்ந்து செல்கிறது. கைப்பேசியைத் திருடியவர் அதைப் பிரித்துப் பார்த்தாலும் அட்டை எண் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பாதுகாப்புக்குப் பயணத்தில் ஒரு விலையும் உண்டு. ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவையே ஆனாலும், பிளாஸ்டிக் அட்டையும் கைப்பேசியும் ரயில் வாயிலின் கணக்கில் இரண்டு வெவ்வேறு பயணிகளாகவே பதிவாகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டில் கைப்பேசியைக் காட்டி ஏறிய ஒருவர், வண்டியிலேயே அதைத் தவறவிட்டு வாட்டர்லூவில் இறங்குகிறார் என்று கொள்வோம். கைப்பையில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டையை அவர் வெளிவாயிலில் வைத்தால், இறங்காத ஒரு பயணமும் ஏறாத ஒரு பயணமும் பதிவாகி, இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடிக்கப்படக்கூடும். வாயிலருகே நிற்கும் ஊழியரிடம் நிலைமையைச் சொல்லி வெளியேறுவதே சரியான வழி. முடிவுபெறாத பயணத்துக்கான கூடுதல் கட்டணத்தைப் பின்னர் போக்குவரத்து நிறுவனத்திடம் முறையிட்டுத் திரும்பப் பெறலாம்.

கடையில் பணம் செலுத்த முகத்தையோ கைரேகையையோ கடவு எண்ணையோ கேட்கும் கைப்பேசி, ரயில் வாயிலில் எதையும் கேட்பதில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. வாயிலில் கூட்டம் தேங்காமல் இருப்பதற்காக Express Travel Card என்ற அமைப்பில் ஓர் அட்டையைக் குறித்துவைத்தால், பூட்டிய நிலையிலேயே அது கட்டணத்தைச் செலுத்தும். ஐபோன் எக்ஸ்எஸ் முதலான மாதிரிகளில் மின்கலம் தீர்ந்து திரை அணைந்த பின்னும் சுமார் 5 மணி நேரம் வரை இது செயல்படக்கூடும். ஆகவே, கைப்பேசியைக் கண்டெடுத்தவர் கடையில் ஒரு பென்னிகூடச் செலவிட முடியாது என்றாலும், லண்டனுக்குள் ரயிலேறிப் போக முடியும். 2021இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வசதியில் இன்னொரு ஓட்டையையும் காட்டினர்: ரயில் வாயில் அனுப்பும் சமிக்ஞையைப் போலியாக உருவாக்கி, விசா அட்டை இப்படிக் குறிக்கப்பட்டிருந்த பூட்டிய ஐபோன் ஒன்றிலிருந்து 1,000 பவுண்டு செலுத்தவைத்தனர். அது ஆய்வகத்தில், சிறப்புக் கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டது. எனினும், அன்றாடம் ரயிலில் செல்லாதவர் இந்த அமைப்பை அணைத்துவைப்பதால் இழப்பது ஒரு நொடி மட்டுமே.

கைப்பேசி தொலைந்ததும் வேறொரு சாதனத்திலிருந்து icloud.com/find பக்கத்தைத் திறந்து Mark As Lost என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதிலுள்ள வங்கி அட்டைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. சாதனக் கணக்கு எண் வங்கியின் பக்கத்திலேயே முடக்கப்படுவதால், தொலைந்த கைப்பேசி இணையத்தில் இல்லாதபோதும் இது பலிக்கும். ஆனால் ரயில் வாயில் ஒவ்வொரு தொடுகைக்கும் வங்கியைக் கேட்டுக் காத்திருப்பதில்லை. அரை நொடிக்குள் கதவைத் திறந்துவிட்டு, கட்டணத்தைப் பின்னரே வசூலிக்கிறது. எனவே முடக்கிய பிறகும் ஒரு தொடுகை தப்பிப் போகலாம். வங்கி மறுத்ததும் அந்த எண் வாயில்களின் தடைப்பட்டியலில் ஏறிவிடும். வங்கியை அழைப்பவர் “அட்டை தொலைந்தது” என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கையில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டையும் ரத்தாகிப் புது அட்டைக்காகக் காத்திருக்க நேரும். தொலைந்தது கைப்பேசி என்று தெளிவாகச் சொன்னால், அதற்குரிய எண்ணை மட்டும் முடக்க முடியும்.

முன்பணம் ஏற்றிய பயண அட்டைகளின் கதை வேறு. ஜப்பானின் சுயிக்கா அட்டையை ஐபோனுக்கு மாற்றியதும் பிளாஸ்டிக் அட்டை செயலிழந்துவிடுகிறது. 20,000 யென் வரை ஏற்றக்கூடிய இருப்பை வாயில்கள் கைப்பேசியின் சில்லிலேயே படித்துக் கழிக்கின்றன. இருப்பின் பதிவு ரயில் நிறுவனத்தின் கணினியிலும் இருப்பதால் அதைப் புதிய கைப்பேசியில் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் முடக்கம் நடைமுறைக்கு வருவதற்குள் வேறொருவர் செலவழித்த தொகை திரும்பாது.