பெயர்ப்பலகையில் எழுதிய ஆண்டு

ரயில்வேயில் பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. டிப்ளமா முடித்து 1981-ல் சேர்ந்தவன், அறுபது வயதில் ஓய்வு பெற்று, இப்போது கழக்கூட்டத்தில் குடியிருக்கிறேன். கல்லையும் இரும்பையும் பார்த்துப் பழகியவன் கடைகளின் வரலாற்றைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சங்க அன்பர்கள் நினைக்கலாம். காரணம் எங்கள் தெருமுனையில் உள்ள ஒரு காப்பித்தூள் கடை. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், மூன்றாவது தலைமுறை. பெயர்ப்பலகையில் கடைப்பெயருக்குக் கீழே "1938 முதல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள் கடைக்காரத் தம்பி ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். "மாமா, டிரேட்மார்க் பதிவு செய்யப் போனேன். 1938-க்கு ஆதாரம் என்னன்னு வக்கீல் கேக்காரு. தாத்தா சொன்னதுதான் ஆதாரம்னேன், அவரு சிரிக்காரு. இந்தப் பெட்டியில ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பெட்டியைத் திறக்கும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "1938 என்றால் எது தொடங்கிய ஆண்டு? தாத்தா தொழிலுக்கு வந்த ஆண்டா, இந்தக் கடை திறந்த ஆண்டா, இந்தப் பெயர் வைத்த ஆண்டா?" அவருக்குப் பதில் தெரியவில்லை. பலருக்கும் தெரிவதில்லை.

எங்கள் துறையில் பாலத்துக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் அஸ்திவாரமும் தூண்களும் கட்டிய ஆண்டு தனியாகவும், மேலே உள்ள இரும்புத் தூலங்கள் ஏற்றிய ஆண்டு தனியாகவும் இருக்கும். பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அதன் 145 தூலங்களில் 126 கடலில் விழுந்தன. நடுவில் உள்ள தூக்குப் பாலமும் தூண்களும் நின்றன. விழுந்ததைச் சரிசெய்து மீண்டும் ரயில் விட்டார்கள். "1914 பாலம்" என்று நாம் சொன்னது பொய்யல்ல. ஆனால் எந்தப் பகுதி 1914-ஐச் சேர்ந்தது என்று கேட்டால் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிறுவனங்களும் இப்படித்தான். சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கம் 1788 என்பார்கள். அது தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் சென்னையில் வணிகம் தொடங்கிய ஆண்டு. ஜான் வில்லியம் டேர் கூட்டாளியாகச் சேர்ந்தது 1819. டேர் ஹவுஸ் என்ற கட்டடம் அவர் பெயரால் நிற்கிறது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை 1842-ல் தொடங்கியது. இ.ஐ.டி.-பாரி என்ற இன்றைய கம்பெனி சட்டப்படி 1975-ல் பதிவானது. முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது 1981. ஐந்து ஆண்டுகளும் உண்மை. "1788-ல் தாமஸ் பாரி தொடங்கிய வணிகத்தின் வழிவந்தது" என்றால் சரி. "1788-ல் பதிவான கம்பெனி" என்றால் தவறு. வேறுபாடு ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இனி பெட்டிக்கு வருகிறேன். அதில் நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள், இரண்டு புகைப்படங்கள், ஒரு பழைய காப்பித்தூள் டப்பா. முதல் வேலையாக, பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தேன். தாளின் பின்புறம் மூலையில் பென்சிலால் மட்டும் எழுத வேண்டும். பேனா மை ஊறி மறுபக்கம் வரும். பிறகு ஒரு நோட்டில் எண், பொருள், அதில் உள்ள தேதி, யாரிடமிருந்து வந்தது என்று நான்கு பத்திகள் எழுதி, ஒவ்வொன்றையும் படம் பிடித்தோம். கிழிந்த தாள்களுக்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் செய்யவும் வேண்டாம் என்று தம்பியைத் தடுத்தேன். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தகரப் பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், அலமாரியின் நடுத்தட்டில் வைப்பது நல்லது.

தாள்களில் பாதிக்கு மேல் தேதி இல்லை. சிலவற்றில் இருந்தது கொல்லம் ஆண்டு. இங்கேதான் வேலை சுவையானது. தேதி இல்லாத தாளும் தன் வயதை வேறு வழியில் சொல்லிவிடும்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு ரயில் ரசீது. மதுரையிலிருந்து கழக்கூட்டம் நிலையத்துக்கு இரண்டு மூட்டை காப்பிக்கொட்டை. தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் தலைப்பில் தென்னிந்திய ரயில்வே என்று ஆங்கிலத்தில் பழைய கம்பெனிப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவானதோடு முடிந்தது. எனவே அந்தப் படிவம் 1951-க்கு முன் அச்சானது. ஆனால் அச்சான ஆண்டும் பயன்பட்ட ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய படிவம் தீரும்வரை கிளார்க்குகள் அதையே எழுதுவார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே "ஏறத்தாழ 1951 அல்லது அதற்கு முன்" என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

இது போன்ற அடையாளங்கள் வேறும் உண்டு. முகவரியில் "திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்" என்றிருந்தால் அந்தத் தாள் 1949 ஜூலைக்கும் 1956 அக்டோபருக்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து "1938-ல் எங்கள் முதல் டப்பா" என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். விலை "ந.பை." என்று போட்டிருந்தது. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்து, 1964-ல் "நயா" என்ற சொல் போய் வெறும் பைசா ஆயிற்று. அந்த டப்பா அந்த ஏழு ஆண்டுகளுக்குள் செய்தது. தம்பியின் முகம் வாடிவிட்டது. "தாத்தா கையால கொடுத்த டப்பா மாமா" என்றார். கொடுத்தது உண்மைதான், எழுதி வைத்தது பின்னால் வந்தவர்கள் என்றேன்.

பெட்டியில் தெளிவான தேதியோடு கிடைத்த மிகப் பழைய தாள் கடையின் வாடகைச் சீட்டு. திருவிதாங்கூர் முத்திரைத்தாளில், கொல்லம் 1121 மேட மாதம் 10-ஆம் தேதி என்று இருந்தது. கொல்லம் ஆண்டு ஆகஸ்டு நடுவில், சிங்கம் ஒன்றில் பிறக்கிறது. ஆகவே சிங்கத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் கர்க்கடகம் முடியும்வரை 825 கூட்ட வேண்டும். மேடம் ஏப்ரலில் வருவதால் 1121-உடன் 825 சேர்த்தால் 1946 ஏப்ரல். எல்லாவற்றுக்கும் 824 கூட்டுவது பலரும் செய்யும் தவறு. ஓராண்டு நழுவிவிடும்.

அப்படியானால் 1938 எங்கிருந்து வந்தது? தம்பியின் பெரிய அத்தை நாகர்கோவிலில் இருக்கிறார், வயது எண்பத்தாறு. போய்க் கேட்டோம். "அப்பா அந்த வருஷம்தான் திருவனந்தபுரத்துல ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனாரு. சொந்தக் கடை சண்டை முடிஞ்ச பெறவுதான்" என்றார். அவர் பிறப்பதற்கு முந்திய செய்தி அது. தன் தகப்பனார் சொல்லக் கேட்டதைச் சொன்னார். ஆனாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு என்பது வாடகைச் சீட்டோடு பொருந்துகிறது. தாமஸ் பாரி கதைதான் இங்கும். மனிதர் தொழிலுக்கு வந்த ஆண்டு, கடையின் ஆண்டாக மாறியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

பிறகு காலவரிசையை எழுதினோம். ஒவ்வொரு வரியிலும் தேதி, நிகழ்ச்சி, சான்றின் எண். கடைசிப் பத்தியில் சான்றின் தரம். அந்தக் காலத்திலேயே எழுதிய தாள் என்றால் "ஆவணம்", பின்னால் எழுதியது என்றால் "பின்குறிப்பு", கேட்டது என்றால் "வாய்மொழி". 1938 வரிக்கு நேரே "வாய்மொழி" என்று எழுதினோம். 1968 முதல் 1971 வரை ஒரு தாளும் இல்லை. அங்கே "சான்று இல்லை" என்று எழுதி இடம் விட்டோம். அந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால் பட்டியல் முழுவதன் மீதும் ஐயம் வரும். வாடகைச் சீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 1946 ஏப்ரலில் கடை இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. அன்றுதான் பிறந்தது என்பதற்கு அல்ல.

வக்கீலிடம் போனபோது இன்னொன்று தெரிந்தது. வணிகச் சின்னப் பதிவில் "இன்ன தேதி முதல் பயன்படுத்துகிறோம்" என்று எழுதினால், 2017 விதிகளின்படி உறுதிமொழிப் பத்திரமும் அதற்கான சான்றுகளும் சேர்க்க வேண்டும். அங்கே கேட்பது கடையின் வயதை அல்ல, அந்தச் சின்னத்தைப் பொருளில் போட்டு விற்ற காலத்தை. வாடகைச் சீட்டில் சின்னம் இல்லை. சின்னம் முதலில் காணப்படுவது அந்த நயா பைசா டப்பாவில்தான். 1938 என்று பொய்யாக நின்றபோது பயனற்றிருந்த டப்பா, தன் உண்மை வயதைச் சொன்னதும் பெட்டியிலேயே மதிப்பு மிக்க பொருளாகிவிட்டது. விளம்பரத்துக்கும் இதே கண்டிப்பு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

"முதல்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். எங்கள் ஊர் டெக்னோபார்க்கை இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்கிறோம். அந்த அமைப்பு உருவானது 1990 ஜூலையில். பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தது 1995 நவம்பரில். பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியோ 1970-களின் இறுதியிலேயே தொழிற்பேட்டையாக வந்துவிட்டது. ஆகவே "முதல் தொழில்நுட்பப் பூங்கா, 1990" என்று வகையையும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பெருமை நிற்கும். "மின்னணுத் தொழிலுக்கான முதல் வளாகம்" என்று நீட்டினால் நிற்காது.

கடையில் இப்போது புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். "1946 முதல் கழக்கூட்டத்தில்" என்று இருக்கிறது. உள்ளே சுவரில் வாடகைச் சீட்டின் படநகலும், அதன் பக்கத்தில் 1938-ல் வேலைக்கு வந்த தாத்தாவைப் பற்றி "குடும்பத்தார் சொல்லக் கேட்டது" என்ற தலைப்பில் நான்கு வரியும். எட்டு ஆண்டு குறைந்ததில் தம்பிக்கு முதலில் வருத்தம்தான். போன வாரம் காப்பித்தூள் வாங்கப் போனபோது, ஒரு வாடிக்கையாளருக்குக் கொல்லம் ஆண்டைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கணக்குச் சரியாகவே போட்டார்.