வாக்கியத்தின் கடைசி எழுத்தும் காதில் விழ வேண்டும்

தமிழில் கதை வாசித்துப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வாசிப்பவரின் மூச்சும் அங்கேதான் தீர்கிறது. “சாயங்காலம் திடீரென்று பிடித்துக்கொண்ட மழையில் குடை இல்லாமல் வந்தவர், டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்” என்று ஒரு வரி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ‘சாயங்காலம்’ கணீரென்று ஒலிக்கும். ‘ஒதுங்கினார்’ வரும்போது குரல் பாதியாக இறங்கியிருக்கும். ஒதுங்கியது அவனா, அவளா, அவரா என்று சொல்வது அந்தக் கடைசி எழுத்துதான். அதுவே பஸ் இரைச்சலில் காணாமல் போகிறது. கேட்பவர் சத்தத்தைக் கூட்டினால், அடுத்த வாக்கியத்தின் முதல் சொல் காதில் அறைகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று ஈக்வலைசர். குரலில் கலந்திருக்கும் தாழ்ந்த சுருதி, உயர்ந்த சுருதி ஆகியவற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. இன்னொன்று கம்ப்ரஸர். உரத்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அது குறைக்கிறது. இரண்டுமே ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கப்பட்டு, 2000இல் வெளியான மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதலில் ஈக்வலைசர், பிறகு கம்ப்ரஸர் என்ற வரிசையில் போவதுதான் நல்லது. அதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்ரஸருக்குச் சொல் எது, சத்தம் எது என்று தெரியாது. மொத்த ஒலி எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும். ‘பட்டணம்’ என்று சொல்லும்போது உதட்டிலிருந்து புறப்படும் காற்று மைக்கில் ‘தொப்’பென்று மோதுகிறது. அந்த மோதலை உரத்த பேச்சு என்று எண்ணி கம்ப்ரஸர் குரலை அமுக்கினால், அடுத்து வரும் ‘ட்ட’வும் சேர்ந்து அமுங்கிவிடும். ஆகவே கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத்தான் கம்ப்ரஸரிடம் கொடுக்க வேண்டும்.

ஆடாசிட்டியில் `Effect` மெனுவுக்குள் `Filter Curve EQ` என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரு கட்டமும் நடுவில் ஒரு கோடும் தெரியும். இடமிருந்து வலமாகப் போகப் போக சுருதி உயரும். அது ஹெர்ட்ஸ் கணக்கு. கோட்டை மேலே இழுத்தால் அந்தச் சுருதி கூடும், கீழே இழுத்தால் குறையும். அது டெசிபல் கணக்கு. கோட்டின்மேல் சொடுக்கினால் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் கோட்டை வளைக்க வேண்டும். வாசிப்புக் குரலுக்கு மூன்று இடங்களில் கை வைத்தால் பெரும்பாலும் போதும்.

முதல் இடம், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மின்விசிறியின் உறுமல், தெருவில் போகும் லாரி, மேசையில் கை பட்ட அதிர்வு, மைக்கில் மோதிய காற்று ஆகியவற்றின் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கிறது. ஆண் குரலின் அடிச்சுருதி பலருக்கு 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண் குரலுக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருப்பதால், அதற்கும் கீழே உள்ளதை வெட்டினால் பேச்சுக்கு நஷ்டம் குறைவு. இதற்கென்றே `Low rolloff for speech` என்ற ஆயத்த வளைவு அந்தக் கருவியிலேயே இருக்கிறது. மிகக் கனத்த ஆண் குரல் என்றால் மட்டும் வெட்டும் இடத்தை 80க்குப் பக்கமாக இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம், 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. சிறிய அறையில், மைக்குக்கு மிக அருகில் வாய் வைத்துப் பேசினால், குடத்துக்குள் பேசுவது போன்ற ஒரு மொத்தை ஒலி வரும். எதிரே வரும் ஒலியை மட்டும் வாங்கும் வகை மைக்குகள், வாய் நெருங்க நெருங்கத் தாழ்ந்த சுருதியைப் பெருக்கிக் காட்டும். அந்த வட்டாரத்தில் 3 டெசிபல் குறைத்தால் குரல் தெளியும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கோட்டில் 10 டெசிபல் உயரத்துக்கு ஒரு குறுகலான மேடு எழுப்புங்கள். அதை 200, 250, 300 என்று நகர்த்தி, ஒவ்வொரு முறையும் `Preview` அழுத்திக் கேளுங்கள். எந்த இடத்தில் குரல் சகிக்க முடியாமல் போகிறதோ, அதுதான் உங்கள் அறையும் மைக்கும் சேர்ந்து கெடுக்கும் இடம். மேட்டை எடுத்துவிட்டு அங்கே 3 டெசிபல் ஆழத்துக்கு அகலமான பள்ளமாக மாற்றிவிடுங்கள். 6, 8 என்று குறைத்துக்கொண்டே போனால் மொத்தையோடு குரலின் சதைப்பற்றும் போய், தொலைபேசியில் பேசுவது போலாகிவிடும்.

மூன்றாவது இடம், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. ‘வலி’யையும் ‘வளி’யையும் ‘வழி’யையும் காது பிரித்தறிய உதவும் நுட்பங்களில் பெரும்பங்கு இந்த வட்டாரத்திலும் இதற்குச் சற்றுக் கீழேயும் இருக்கிறது. வல்லின எழுத்துகளின் கூர்மையும் இங்கே தெரியும். 2 டெசிபல் ஏற்றினால் உச்சரிப்பு முன்னால் வந்து நிற்கும். ஏற்றியதும் ‘சாயங்காலம்’ என்ற சொல்லை மறுபடி கேட்டுப் பாருங்கள். முதல் எழுத்து விசில் அடித்தால் ஏற்றியது அதிகம், அல்லது மேடு 5,000க்கு மேல் வழிந்திருக்கிறது. ‘ஸ்’ என்ற சீற்றம் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது.

இனி கம்ப்ரஸர். கணினியில் ஒலியளவின் உச்சவரம்பு 0 டெசிபல். மற்ற அளவுகளெல்லாம் அதற்குக் கீழே, கழித்தல் குறியோடு வரும். நம் வாக்கியத்தில் ‘சாயங்காலம்’ -6ஐத் தொடுகிறது, ‘ஒதுங்கினார்’ -24இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடலை ஓட்டும்போது துள்ளும் அளவுமானியைப் பார்த்தாலே இந்த எண்கள் தெரிந்துவிடும். இடைவெளி 18 டெசிபல்.

`Compressor` பெட்டியில் `Threshold` என்பது எல்லைக்கோடு. அதை -18இல் வைப்போம். `Ratio` 3 என்று வைத்தால், எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு 3 டெசிபலும் 1 டெசிபலாகச் சுருங்கும். ‘சாயங்காலம்’ எல்லையை 12 டெசிபல் தாண்டியிருக்கிறது. அந்த 12, 4ஆகச் சுருங்க, சொல் -14க்கு இறங்கிவிடும். ‘ஒதுங்கினார்’ எல்லைக்குக் கீழே இருப்பதால் அதை யாரும் தொடவில்லை, அதே -24. இடைவெளி 18இலிருந்து 10ஆகிவிட்டது. இப்போது மொத்தமும் தணிந்திருப்பதால் `Make-up gain`இல் 8 டெசிபல் கூட்டுவோம். ‘சாயங்காலம்’ பழையபடி -6, ‘ஒதுங்கினார்’ -16. உரத்த சொல் உரத்தபடியே இருக்க, மெலிந்த சொல் மட்டும் மேலே ஏறிவிட்டது. 2024இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து இந்த அளவுகளைப் பதிவு ஓடும்போதே மாற்றிக் கேட்கலாம்.

ஏறியது சொல் மட்டுமல்ல. வாக்கியங்களுக்கு நடுவே இருந்த அறைச் சத்தம் -62இல் இருந்திருந்தால், அதுவும் 8 டெசிபல் ஏறி -54க்கு வந்திருக்கும். முன்பு கேட்காத மின்விசிறி இப்போது கேட்கும். ஒலிநூல்களை விற்பனைக்குக் கொண்டுசெல்லும் ஏசிஎக்ஸ் தளம், மௌன இடங்களின் சத்தம் -60க்கு மேல் போகக்கூடாது என்று விதித்திருக்கிறது. அந்தக் கணக்கில், முதலில் தேறியிருக்கும் பதிவு கம்ப்ரஸருக்குப் பிறகு தேறாது. யாரும் பேசாத ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து `Analyze` மெனுவில் `Measure RMS` கொடுத்தால் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். சத்தம் மிஞ்சியிருந்தால் கம்ப்ரஸருக்கு முன்பே `Noise Reduction`ஐ மிதமாகப் போட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வாசிப்பது அதைவிட மேல்.

எண்களுக்கு அடுத்தது வேகம். `Attack` என்பது எல்லை தாண்டியதும் எவ்வளவு சீக்கிரம் அமுக்க வேண்டும் என்ற அளவு. 1 மில்லி விநாடி போல மிகக் குறைவாக வைத்தால் க, ட, ப ஆகியவை வெடிக்கும் முன்பே மழுங்கிவிடும். 10 மில்லி விநாடி அளவில் தொடங்கலாம். `Release` என்பது அமுக்கிய பிடியைத் தளர்த்த எடுத்துக்கொள்ளும் நேரம். மிகக் குறைவாக இருந்தால் சொல் முடிந்த கணமே அறைச் சத்தமும் மூச்சிழுப்பும் ‘ஹுஸ்’ என்று மேலே எழும்பும். நீளமாக இருந்தால் உரத்த சொல்லுக்கு அடுத்த சொல்லும் பிடியில் சிக்கி அடங்கிக் கிடக்கும். 150 மில்லி விநாடியை ஒட்டி வைத்து, இவ்விரண்டில் எது கேட்கிறதோ அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். மூச்சுச் சத்தம் பேச்சளவுக்குக் கேட்டாலோ, மகிழ்ச்சியாகப் பேசும் பாத்திரமும் அழும் பாத்திரமும் ஒரே கனத்தில் ஒலித்தாலோ, `Ratio`வை 2க்கு இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கடைசியாக மொத்தப் பதிவையும் ஓரளவுக்குக் கொண்டுவர வேண்டும். `Loudness Normalization`இல் `RMS`ஐத் தேர்ந்து -20 கொடுத்தால் சராசரி ஒலியளவு அங்கே வந்து நிற்கும். ஏசிஎக்ஸ் கேட்பது -23க்கும் -18க்கும் இடையே. உச்சங்கள் -3ஐத் தாண்டக்கூடாது என்றும் அது கேட்பதால், `Limiter`ஐ -3.5இல் வைத்து முடிக்கலாம்.

முன்பு எப்படி, இப்போது எப்படி என்று ஒப்பிடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. உரக்கக் கேட்பது எதுவும் காதுக்கு மேலானதாகவே தோன்றும். இரண்டு பதிவுகளையும் ஒரே சராசரிக்குக் கொண்டுவந்த பிறகே எது தெளிவு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஹெட்ஃபோனில் ஒரு முறை, கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு முறை கேட்பது நல்லது. கைபேசி ஸ்பீக்கர் தாழ்ந்த சுருதியைச் சரியாக எழுப்பாது. மூன்றாவது இடத்தில் செய்த வேலை உதவியதா என்பதை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கருவிகளால் ஆகாத காரியம், எதிரொலி. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் சொல்லின் வால் சுவரில் பட்டுத் திரும்பி, அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. அது குரலின் சுருதிகளிலேயே வருவதால் ஈக்வலைசரால் பிரிக்க முடியாது. மெலிந்ததையெல்லாம் ஏற்றும் கம்ப்ரஸரோ அந்த வாலையும் சேர்த்து ஏற்றிவிடும். துணி நிறைந்த அலமாரிக்கு எதிரில், கனத்த போர்வையைப் பின்னால் தொங்கவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பேசினால் எதிரொலியும் காற்று மோதலும் பதிவாகும்போதே குறைந்துவிடும்.

ஒரு முறை சரியாக வந்த வளைவையும் அளவுகளையும் பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்ளலாம். அதே மைக், அதே அறை, அதே குரல் என்றால் ஈக்வலைசர் வளைவு மறுநாளும் செல்லும். `Threshold` மட்டும் அப்படியல்ல. இன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உச்சம் -12இல் நின்றால், நேற்றைய -18 எல்லையைக் குரல் சற்றே தாண்டும். கம்ப்ரஸருக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் உரத்த சொல்லின் அளவைப் பார்த்து, அதற்கு 12 டெசிபல் கீழே எல்லையை வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.