மூன்றாம் முறை வடித்தால் விஸ்கியில் எது போகிறது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கின்டயர் தீபகற்பத்தின் தென்பகுதியில் கேம்பல்டவுன் என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. 1828-இல் அங்கே தொடங்கிய ஸ்பிரிங்பேங்க் என்ற வடிசாலை இன்றும் இயங்குகிறது. அதில் இருப்பவை மூன்றே மூன்று செம்பு வாலைகள். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மூன்று வகை விஸ்கி செய்கிறார்கள். லாங்ரோ என்பது இருமுறை வடித்தது. ஹேஸல்பர்ன் மும்முறை வடித்தது. வடிசாலையின் பெயரையே தாங்கிய ஸ்பிரிங்பேங்க் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதை 'இரண்டரை முறை' வடித்தது என்பார்கள்.

மும்முறை வடித்த விஸ்கி ஏன் நாக்கில் இலேசாக இறங்குகிறது என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஊர் ஒன்று, வாலைகள் ஒன்று, வேலை செய்யும் கைகளும் ஒன்று. வடிக்கும் வழி மட்டும் மாறுகிறது. ஒரு வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிட வேண்டும். லாங்ரோவுக்கான பார்லியை நிலக்கரிப் புகையில் அல்ல, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகையில் நெடுநேரம் உலர்த்துகிறார்கள். ஹேஸல்பர்னுக்குப் புகையே காட்டுவதில்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது புகை வாசனையை ஒதுக்கிவிட்டு, வாயில் அது எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் தொடங்குவது ஊறலில். முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் சர்க்கரையை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் ஏறக்குறைய 8 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஊறல் கிடைக்கும். ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டுமே அதில் இருந்தால் விஸ்கிக்கு மணமே இருக்காது. பழ வாசனை தரும் எஸ்டர்கள், கொழுப்பு அமிலங்கள், கந்தகச் சேர்மங்கள், ஃபியூசல் எண்ணெய் என்று வடிப்பவர்கள் சொல்லும் கனமான ஆல்கஹால்கள், பீட் புகையிலிருந்து வந்த ஃபீனால்கள் என எத்தனையோ பொருள்கள் சிறு சிறு அளவில் கலந்திருக்கின்றன. இவற்றில் எதை எவ்வளவு வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் வடித்தலின் முழு வேலை.

முதல் வாலையில் ஊறலைக் காய்ச்சினால் 20 சதவீதத்துக்குச் சற்று மேலான வடிநீர் வரும். இருமுறை வடிக்கும் சாலைகளில் இது நேராக இரண்டாம் வாலைக்குப் போகும். அங்கே வருவதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலில் வருவது கூர்மையான நெடி கொண்டது, அதை ஒதுக்குவார்கள். நடுவில் வருவதுதான் பீப்பாய்க்குப் போகும். கடைசியில் வருவதில் ஆல்கஹால் குறைந்து, ஈரத்தோல், புளித்த மாவு, எண்ணெய்ப் பிசுக்கு போன்ற வாசனைகள் ஏறும், அதையும் ஒதுக்குவார்கள். ஒதுக்கிய இரண்டையும் கொட்டிவிடுவதில்லை. அடுத்த முறை வரும் வடிநீரோடு கலந்து மறுபடி காய்ச்சுவார்கள். பெரும்பாலான ஸ்காட்ச் மால்ட் விஸ்கிகளில் இப்படிக் கிடைக்கும் நடுப்பகுதி 70 சதவீதத்தை ஒட்டியிருக்கும்.

மும்முறை வடிக்கும்போது முதல் வாலைக்கும் கடைசி வாலைக்கும் நடுவே இன்னொரு வாலை வருகிறது. கிளாஸ்கோவுக்கு அருகில் 1823 முதல் இயங்கும் ஆகன்டாஷன் வடிசாலையை எடுத்துக்கொள்வோம். முதல் வாலையின் வடிநீரை நடு வாலையில் மறுபடி காய்ச்சுகிறார்கள். அதன் வலுவான பகுதி மட்டும், 50 சதவீதத்தைத் தாண்டிய நிலையில், கடைசி வாலைக்குப் போகிறது. கடைசி வாலையிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஸ்பிரிட்டோ 81 சதவீதத்தை ஒட்டியது. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கிகளில் இவ்வளவு உயரத்தில் பிடிப்பவர்கள் மிகச் சிலரே.

கதையின் மையம் இந்த 50 சதவீதம்தான். ஃபியூசல் எண்ணெயில் முக்கியமானது ஐசோஅமைல் ஆல்கஹால். அதன் கொதிநிலை ஏறக்குறைய 131 பாகை. சாதாரண ஆல்கஹாலுக்கு 78. அதனால் சாதாரண ஆல்கஹால் முதலில் வந்துவிடும், இது பின்தங்கிவிடும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் நீர்த்த வடிநீரில் அப்படி நடப்பதில்லை. தண்ணீருக்கும் இந்த எண்ணெய்ப்பசை மூலக்கூறுக்கும் ஒத்துப்போவதில்லை. சுற்றிலும் தண்ணீர் அதிகமாக இருக்கும்போது அது திரவத்தில் தங்க மாட்டாமல், ஆல்கஹாலுக்கு முந்திக்கொண்டு ஆவியில் ஏறிவிடும். வாலைக்குள் ஆல்கஹால் செறிவாக இருந்தால் நிலைமை தலைகீழ். ஆல்கஹாலில் அது சுகமாகக் கரைந்து கிடக்கும். ஆவியாக மேலே போகும் அவசரம் அதற்கு இராது. நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும் ஃபீனால்களும் இதே வழியில்தான் நடக்கின்றன. வாலைக்குள் ஆல்கஹால் கூடக் கூட, கனமானவை கீழேயே தங்குகின்றன.

ஆகவே மூன்றாம் முறை செய்வது முன்பு செய்த வேலையையே இன்னொரு தடவை செய்வதல்ல. இருமுறை வடிப்பில் கடைசி வாலை ஒப்பளவில் நீர்த்த சரக்கோடு தொடங்குகிறது. கனமான பொருள்கள் ஆல்கஹாலோடு சேர்ந்து மேலே வந்துவிடுகின்றன. மும்முறை வடிப்பில் கடைசி வாலை செறிந்த சரக்கோடு தொடங்குகிறது, அவை பின்தங்குகின்றன. அவை வெளிவரத் தொடங்குமுன் வடிப்பவர் குழாயைத் திருப்பிவிடுகிறார். முழுவதும் விலகுகின்றன என்று சொல்ல முடியாது, கணிசமாகக் குறைகின்றன.

செம்புக்கும் இதில் பங்குண்டு. முட்டைக்கோஸ் வேகும் நெடி, அணைந்த தீக்குச்சியின் நெடி போன்றவற்றைத் தரும் கந்தகச் சேர்மங்கள் செம்பின் மேல் படும்போது அதனோடு வினைபுரிந்து குறைந்துவிடுகின்றன. மூன்றாவது வாலை என்றால் ஆவி மூன்றாம் முறையும் செம்பைத் தொட்டுச் செல்கிறது என்று பொருள்.

இப்போது ஸ்பிரிங்பேங்குக்குத் திரும்புவோம். அங்கே 'இரண்டரை' என்பது வெறும் பேச்சல்ல. முதல் வடிநீரில் பெரும்பகுதியை நடு வாலையில் ஒருமுறை காய்ச்சுகிறார்கள். ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். கடைசி வாலையில் இரண்டும் சேர்கின்றன: நடு வாலையைக் கண்டது 80 பங்கு, காணாதது 20 பங்கு. ஆக, இறுதியில் வரும் ஸ்பிரிட்டில் பெரும்பகுதி மூன்று முறையும் சிறுபகுதி இரண்டு முறையும் வடிந்தது. ஹேஸல்பர்னில் எல்லாமே மூன்று வாலைகளையும் கடக்கிறது. லாங்ரோ நடு வாலை இல்லாமலே முடிகிறது. புதிதாக வடிந்து வரும்போது லாங்ரோ 70 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, ஸ்பிரிங்பேங்க் 70-ஐச் சற்றுத் தாண்டி, ஹேஸல்பர்ன் 75-ஐ ஒட்டி நிற்கும். மூன்றையும் வரிசையாக வாயில் வைத்துப் பார்த்தால் இந்த ஏறுமுகம் தெரியும். லாங்ரோ நாக்கில் படிந்து நிற்கும். ஹேஸல்பர்னில் பேரிக்காயும் எலுமிச்சையும் போன்ற வாசனை தெளிவாக எழும், விரைவில் விலகும். ஸ்பிரிங்பேங்கில் பழமும் உண்டு, எண்ணெய்ப்பசையும் உண்டு.

எது போகிறது என்ற கேள்விக்கு முதல் பதில் அந்தப் படிவுதான். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கும் ரீஃபைண்ட் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு எந்தத் தன்மையுடையதோ, இதுவும் அந்தத் தன்மையுடையது. நெடியோடு சேர்ந்து மணமும், பிசுக்கோடு சேர்ந்து உடம்பும் போய்விடுகின்றன. விஸ்கிக்கு மெழுகுத்தன்மையையும் வாயை நிறைக்கும் உணர்வையும் தருபவை அந்த நீண்ட சங்கிலி எஸ்டர்கள். வறுத்த தானியம், கொட்டை, தோல், புகையிலை வாசனைகள் நடுப்பகுதியின் பின்பாதியில்தான் பெரும்பாலும் வருகின்றன. பீட் புகையிலும் அப்படியே: மருந்தும் தாரும் கலந்தது போன்ற ஆழமான புகை வடிப்பின் பிற்பகுதியில்தான் ஏறும். உயரத்திலேயே குழாயைத் திருப்பிவிட்டால் புகையின் மேல்வாசனை வரும், அடிவாசனை வராது. ஐலா தீவின் புகழ்பெற்ற புகை விஸ்கிகள் பொதுவாக இருமுறை வடிப்பில் நிற்பதற்கு இது தக்க காரணம்.

இரண்டாவது இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. இலேசான ஸ்பிரிட் பீப்பாயில் சீக்கிரம் பக்குவப்படும். ஒதுக்கவேண்டிய கந்தகமும் பிசுக்கும் அதில் குறைவு. ஆனால் மரம் அதைச் சீக்கிரமே மூடியும் விடும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் நெடுங்காலம் வைத்தால் உலர்திராட்சையும் ஓக் மரத்தின் துவர்ப்பும்தான் மிஞ்சும்; பார்லி எங்கே என்று தேட வேண்டிவரும். கனமான ஸ்பிரிட் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பீப்பாயோடு எதிர்த்துப் பேசும். மும்முறை வடித்த விஸ்கியை வாங்குபவர் வயதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம் என்பேன். பழைய போர்பன் பீப்பாயில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருந்ததில்தான் அதன் அழகு பெரும்பாலும் வெளிப்படுகிறது.

இலேசு என்பது எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை என்பதற்கு அயர்லாந்தே சாட்சி. கார்க் மாவட்டத்தின் மிடில்டனில் வடிக்கும் ரெட்பிரெஸ்ட் மும்முறை வடித்ததுதான். ஆனாலும் அது எண்ணெய்ப்பசையோடு, மிளகும் இஞ்சியும் போன்ற காரத்தோடு வாயை நிறைக்கிறது. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்து ஊறல் போடுவது ஒரு காரணம். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை வடிப்பவர் தீர்மானிப்பது இன்னொரு காரணம். அதே சாலையில் இலேசானது, நடுத்தரம், கனமானது என்று மூன்று வகை ஸ்பிரிட்டையும் வாலையில் எடுக்கத் தெரியும் அவர்களுக்கு. அயர்லாந்திலேயே பீட் புகையோடு இருமுறை மட்டும் வடித்த கானமாரா போன்றவையும் உண்டு. 'மும்முறை வடித்தது' என்று லேபிளில் இருப்பது வாலைகளின் கணக்கு. உள்ளே இருப்பதன் கனத்தை அது முழுவதும் சொல்லிவிடாது.

கனத்தைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அது மங்கலாகும். கரைந்திருந்த நீண்ட எஸ்டர்கள் கரையமுடியாமல் வெளியேறுவதுதான் அந்த மங்கல். எஸ்டர்கள் நிறைய இருந்தால் மங்கல் அதிகம். குளிரவைத்து வடிகட்டிய புட்டியில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே அவற்றை முன்பே நீக்கியிருப்பார்கள்.

என் தேர்வைக் கேட்டால், ஸ்பிரிங்பேங்கின் இரண்டரைதான். மும்முறையின் தெளிவுக்காக எல்லாக் கனத்தையும் கைவிட வேண்டியதில்லை என்பதை அந்த 20 பங்கு காட்டுகிறது. நெடியைத் தாங்கமுடியாதவர்களுக்கு ஹேஸல்பர்னோ ஆகன்டாஷனோ பொருத்தமாக இருக்கும். அதில் குறைவேதும் இல்லை.

ஒன்றை மட்டும் குடிப்பவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டையில் மென்மையாக இறங்குவதால் ஆல்கஹால் குறைந்துவிடுவதில்லை. 40 சதவீதத்தில் புட்டியில் அடைத்த விஸ்கி இருமுறை வடித்ததானாலும் மும்முறை வடித்ததானாலும், 30 மில்லியில் 12 மில்லி ஆல்கஹால்தான்.