எடையின் கணக்கு – 11: நிறைய இருந்தும் குறை

“சாப்பாட்டுல நான் குறையே வைக்கிறதில்லையே டாக்டர், எனக்கு எப்படிச் சத்துக் குறையும்?” எடை கூடியவர்களுக்கு ரத்தச்சோகை என்று சொன்னால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர் வாய்விட்டுக் கேட்கிறார். கூட வந்த கணவரோ மாமியாரோ மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரும்பும் வைட்டமின் டி-யும் குறைவதற்குத் தட்டில் இருப்பது மட்டும் காரணமல்ல. உள்ளே போன பிறகு உடல் அவற்றை என்ன செய்கிறது என்பதும் காரணம்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். பலருடைய ரிப்போர்ட்டுகளைக் கலந்து நான் உருவாக்கிய மாதிரி இது. வயது 38, பெண். உயரம் 156 செ.மீ., எடை 88 கிலோ, பி.எம்.ஐ. 36. எப்போதும் சோர்வு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, இடுப்பிலும் தொடையிலும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாத வலி. ஹீமோகுளோபின் 11.4. வைட்டமின் டி 11. ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண், 48. லேப் காகிதத்தில் ஃபெரிட்டினுக்கு நேராக ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கும். பார்ப்பவர் இரும்பை விட்டுவிட்டு வைட்டமின் டி-க்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார். தவறு நடக்கும் இடம் இதுதான்.

முதலில் இரும்பு. ஈரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. குடலின் உட்சுவர் செல்கள் சாப்பாட்டிலிருந்து இரும்பை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதத்தின் வழியாக அதை ரத்தத்துக்குள் விடுகின்றன. பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பை மீட்டெடுக்கும் மண்ணீரல் செல்களுக்கும் வெளியே அனுப்ப இதே வழிதான். ஹெப்சிடின் கூடினால் இந்தப் புரதம் அழிந்துபோகும். குடல் செல்லில் தங்கிய இரும்பு, சில நாட்களில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு வெளியேறிவிடும். சேமிப்பில் இருப்பதும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது.

இது உடல் வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு. கிருமிகள் வளர இரும்பு தேவை. ஆகவே தொற்று வந்தால் ரத்தத்தில் இரும்பைக் குறைத்துவிடுவது உடலின் தற்காப்பு. பிரச்சினை என்னவென்றால், அளவுக்கு மீறி வளர்ந்த கொழுப்புத் திசுவும் ஓயாமல் மெல்லிய அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் செய்திகளைப் பார்க்கும் ஈரலுக்கு அது கிருமியிடமிருந்து வந்ததா, வயிற்றுக் கொழுப்பிலிருந்து வந்ததா என்று தெரியாது. ஹெப்சிடினைக் கூட்டிவிடுகிறது. பருமனான பதின்வயதினரின் ரத்தத்தில் இரும்பு குறைவாக இருப்பதை 1962-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். ஹெப்சிடின் கண்டுபிடிக்கப்பட்டதோ 2000-ஐ ஒட்டித்தான். இடைப்பட்ட காலத்தில் உணவைக் குறை சொல்வதுதான் எளிதாக இருந்தது.

அதே அழற்சிதான் ஃபெரிட்டினையும் ஏற்றிக் காட்டுகிறது. எனவே மேலே சொன்ன பெண்ணின் 48-ஐ அப்படியே நம்ப முடியாது. அழற்சி இல்லாத பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறை என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அழற்சி இருப்பவர்களுக்கு அந்தக் கோட்டை 70-ஆக உயர்த்தி வைத்திருக்கிறது. ஆகவே சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ரிப்போர்ட்டில் அது 11. பொதுவாக 5-க்குள் இருக்க வேண்டும். அடுத்தது சீரம் அயர்ன் 42, டி.ஐ.பி.சி. 350. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 12 சதவீதம். இரும்பைச் சுமந்து செல்லும் புரதத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை இது சொல்கிறது. 20-க்குக் கீழே இருந்தால் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை என்று பொருள். இத்தனை படித்த பிறகும் எல்லாப் பழியையும் எடை மீது போட்டுவிடக் கூடாது. மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு உண்டா, மூலம் உண்டா, அல்சர் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். கொழுப்பு இரும்பின் வரவைக் குறைக்கும்போது, செலவும் கூடினால் குறை சீக்கிரம் வெளிப்படும்.

வைட்டமின் டி-யின் கதை முற்றிலும் வேறு. இங்கே யாரும் வழியை மறிக்கவில்லை. 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி-யை உருவாக்கத் தேவையான மூலப்பொருள் இரு தரப்பினர் தோலிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆனால் ரத்தத்தில் டி3 உயர்ந்த அளவு பருமனானவர்களிடம் 57 சதவீதம் குறைவு. தோல் தயாரித்தது கொழுப்பில் கரைந்து உடல் முழுக்கப் பரவிவிட்டது. ஒரே பிடி உப்பைச் சின்னச் சட்டியிலும் பெரிய அண்டாவிலும் போட்டால் அண்டாவில் உப்புச் சப்பு தெரியாது, அவ்வளவுதான். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இருந்தும் ஒருவருக்கு 11 என்று வருவதற்கு, அவர் நாள் முழுக்க அறைக்குள் இருப்பதும் காரணம். வெளியே வந்தாலும் கிடைப்பது நீர்த்துப்போவதும் காரணம்.

ஆக, இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பதில் வியப்பே இல்லை. கொழுப்புத் திசு ஒன்றுதான். வைட்டமின் டி-யைத் தன்னுள் பரப்பிக்கொள்வதும் அதுதான், அழற்சியால் இரும்பின் வழியை அடைப்பதும் அதுதான். இன்னொரு இழையும் உண்டு. வைட்டமின் டி ஹெப்சிடின் சுரப்பை அடக்கும் என்று செல்கள் அளவில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே டி மாத்திரை மட்டும் கொடுத்து ரத்தச்சோகையைச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காரணங்கள் வேறு என்பதால் வைத்தியமும் வேறு. நீர்த்துப்போவதற்கு மருந்து, அளவைக் கூட்டுவது. பருமனானவர்களுக்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு வைட்டமின் டி தேவைப்படும் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2011-இல் சொன்னது. நம் ஊரில் வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரை, எட்டு வாரம் என்பது பழக்கம். எடை கூடியவர்களுக்கு அது முடிந்தும் எண் ஏறாமல் நிற்கும். அதை நீட்டிப்பதா என்பதை மறுபரிசோதனை பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று விழுங்கி, கால்சியம் ஏறி, வாந்தியோடும் சிறுநீரகக் கோளாறோடும் வந்து சேர்பவர்களும் உண்டு.

இரும்பில் இதற்கு நேர்மாறு: அளவைக் கூட்டினால் காரியம் கெடும். ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அப்படியே நிற்கும். அதற்குள் போடும் அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி வீண். வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிச்சம். ஒன்றுவிட்டு ஒரு நாள், காலையில் ஒரே வேளை என்று கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் உறிஞ்சப்படுவதாக, இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் 2017-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூடவே எலுமிச்சைச் சாறு குடியுங்கள் என்று நாம் எல்லோருக்கும் சொல்கிறோம். வைட்டமின் சி-யின் இந்த உதவி பருமனான பெண்களிடம் ஏறக்குறைய பாதிதான் என்பது 2015-இல் தெரிந்தது. இருந்தாலும் குடிக்கலாம், காபியை மட்டும் சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

மாத்திரைக்கு ஹீமோகுளோபின் அசையாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். குடலைத் தாண்டிவிடுவதால் அங்கே அடைபட்ட வழி ஒரு பொருட்டல்ல. ஆனால் இந்த இடத்தில் இரண்டு குறைகளும் முட்டிக்கொள்கின்றன. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற ஊசி மருந்து சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கும். செயல்படும் வடிவ வைட்டமின் டி-யையும் கீழே இறக்கும். ஏற்கெனவே டி 11-இல் இருப்பவருக்கு எலும்பு வலியும் தசைச் சோர்வும் இதனால் கூடலாம். அதனால் ஊசிக்கு முன் வைட்டமின் டி-யைச் சரிசெய்யத் தொடங்கி, திரும்பத் திரும்ப ஏற்ற நேர்ந்தால் பாஸ்பேட்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

(தொடரும்)