தாங்க வேண்டும், பிடிக்கலாகாது

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியே தருமபுரிக்கு வரும் பிரயாணி, அதுவரை ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்த சக்கரம் சுங்கச்சாவடியை அணுகியதும் ‘டக், டக்’ என்று தாளம் போடத் தொடங்குவதைக் கேட்டிருப்பார். பாரவண்டிகள் நிற்பதும் நகர்வதுமாக இருக்கும் இடத்தில் தார் வெயிலில் குழைந்து பள்ளமாகிவிடும். சொட்டும் டீசலோ தாரைக் கரைத்துவிடும். ஆகவே சாவடிகளின் முன்னே கான்கிரீட் இடுவதே நம் தேசத்து வழக்கம். அந்தத் தாளம், சுமார் நாலரை மீட்டருக்கு ஒருமுறை தளத்தில் வேண்டுமென்றே அறுத்துவைத்த இணைப்புகளின் ஓசையாகும்.

நல்ல தளத்தை ஏன் அறுக்க வேண்டும்? கான்கிரீட் இறுகும்போது சுருங்குவது அதன் சுபாவம். சுருங்க விடாமல் அடித்தளத்தின் உராய்வு அதைப் பற்றி இழுக்கிறது. நசுக்கும் பாரத்தைத் தாங்குவதில் பீமனாகிய அது, இழுப்பைத் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலமே உடையது. எனவே நாம் அறுக்காவிட்டால் அது தானே, தன் இஷ்டப்படி கோணலாகப் பிளந்துகொள்ளும். நாலரை மீட்டர்ப் பலகையொன்று 30 டிகிரி குளிர்ந்தால் 1.35 மில்லிமீட்டர் குறுகிவிடும். 30 சென்டிமீட்டர் கனமுள்ள தளத்தில் எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கட்டர் ஓட்டினால் போதும். மிச்சத்தைச் சுருக்கமே பிளந்துவிடும். சிரமமெல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது: கான்கிரீட் இட்ட சில மணி நேரத்துக்குள் அவசரப்பட்டு அறுத்தால் விளிம்பிலுள்ள ஜல்லி பெயர்ந்து வரும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் படுத்துறங்கினால், விடிவதற்குள் விரிசல் முந்திக்கொண்டிருக்கும்.

அறுத்ததால் ஒரு வியாதி தீர்ந்தது, மற்றொன்று பிறந்தது. லாரியின் அச்சு ஒரு பலகையின் கடைசி விளிம்பில் ஏறும்போது, அடுத்த பலகை அந்தப் பாரத்தில் பங்குகொள்ளாமல் வேடிக்கை பார்க்குமானால், விளிம்பு தனியே தாழ்கிறது. மறுகணம் சக்கரம் தாண்டி அயல் விளிம்பைத் திடீரென்று அறைகிறது. இதற்குப் பரிகாரமாக வைப்பதே டவல் கம்பி. 38 மில்லிமீட்டர் தடிப்பும் அரை மீட்டர் நீளமும் உள்ள உருண்டைக் கம்பிகளை, இணைப்புக்குக் குறுக்கே, தளத்தின் நடுக்கனத்தில், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் படுக்கவைக்கிறார்கள். அப்போது இரு பலகைகளும் பாரத்தில் ஏறக்குறையப் பாதிப்பாதி பகிர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவின் வர்ஜினியாவில், நியூபோர்ட் நியூஸ் அருகே, 1917–18-இலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கம்பிக்கு ஒரு விசித்திரமான தர்மம் உண்டு. பாரத்தைத் தாங்க வேண்டும், பலகையைப் பிடிக்கலாகாது. குளிரில் பலகை பின்வாங்கும்போது கம்பி அதற்குள் வழுக்கி நகர்ந்து இடங்கொடுக்க வேண்டும். ஆகவேதான் வழவழப்பான கம்பியாக எடுத்து, பாதிக்குச் சற்று மேலே பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். வீடு கட்டிப் பழகிய மேஸ்திரிக்கு இது மனத்துக்கு ஒவ்வாத காரியம். கம்பி கான்கிரீட்டைக் கவ்வவேண்டும் என்பதல்லவா அவர் கற்ற பாடம்? அந்த எண்ணத்தில் வரியுள்ள முறுக்குக் கம்பியை வைத்துவிட்டாலும், சரியான கம்பியே சாய்வாக அமைந்துவிட்டாலும், இணைப்பு பூட்டிக்கொள்ளும். கட்டர் கீறிய கோடு மூடியபடியே நேராகக் கிடக்க, அதற்கு ஓரடி ஈரடி தள்ளி ஒரு கோணல் விரிசல் கூடவே ஓடுவதைக் கண்டால், உள்ளே கம்பி கவ்விக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். வரிக்கம்பிக்குரிய இடம் இதுவன்று. சாலை ஓடும் திசையிலேயே நீளும் இணைப்பில், பக்கத்துப் பட்டைகள் விலகாமல் கட்டிவைப்பது அதன் வேலை.

பென்னாகரம் பக்கத்துக் கிராமமொன்றில் நான் கண்ட சிமெண்ட் ரோட்டில் டவல் கம்பியே கிடையாது. அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஒரு சாண் கனம்கூட இல்லாத தெருத்தளத்தில், அபூர்வமாய் வரும் வண்டிகளுக்கு, பிளவுக்குள் ஜல்லியும் ஜல்லியும் பற்கள்போல் கோத்துக்கொள்வதே போதும். பிளவு ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரையில்தான் அந்தப் பற்கள் கடிக்கும் என்பதால், இணைப்புகளை நெருக்கமாக வெட்டியிருக்க வேண்டும். அங்கே வெட்டே இல்லை. தளம் எங்கெங்கோ பிளந்து, பிளவுகள் அகன்று, அவற்றின்மேல் போர்வெல் லாரிகளும் ஜல்லி டிப்பர்களும் போய்வந்தன. ஒரு பிளவில் விரல் வைத்துப் பார்த்தேன்; வண்டிகள் பாரத்தோடு வரும் பக்கத்துப் பலகை உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும், ஒரு ரூபாய் நாணயம் மூன்றை அடுக்கிய உயரத்துக்குப் படி விழுந்திருந்தது.

திண்ணையிலிருந்த மூதாட்டி, “மழை பேஞ்சா இந்த ரோடு சேத்தக் கக்குது சாமி” என்றார். அவர் கண்டது மெய்யே. பிளவு வழியே இறங்கிய மழைநீர் பலகைக்கடியில் தேங்குகிறது; சக்கரம் முன்பலகைக்குத் தாவி அதை அமுக்கும்போது, அந்த நீர் மண்ணையும் வாரிக்கொண்டு பின்பலகைக்கடியில் பாய்கிறது; கொஞ்சம் மேலேயும் பீறிடுகிறது. அதனால் பின்பலகை அடியில் மண் சேர்ந்து எழும்ப, முன்பலகை அடிமண்ணை இழந்து அந்தரத்தில் நிற்கிறது. பிறகு ஏதோ ஒரு லாரியின் கீழ் அதன் மூலை முக்கோணமாய் ஒடிகிறது. அந்தத் தெருவில் அப்படி ஒடிந்த மூலைகள் இரண்டைக் கண்டேன். இரண்டையும் சுற்றிச் செம்மண் கறை காய்ந்து கிடந்தது.